நடுவில் நின்ற ஆள்: ஜப்பானில் காதல் மணம் வழக்கமான கதை

1921 அக்டோபர் 22 அன்று ஒசாகா அசாஹி நாளிதழைப் பிரித்தவர்கள் ஒரு மனைவி தன் கணவனுக்கு எழுதிய கடிதத்தை அதில் படித்தார்கள். எழுதியவர் யானகிவாரா ப்யாக்குரென், புகழ்பெற்ற கவிஞர், பேரரசருக்கு ஒன்றுவிட்ட உறவு. கணவர் இதோ தென்எமோன், கியூஷு தீவின் சிக்குஹோ பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் வைத்திருந்த பெரும் பணக்காரர். பத்தாண்டு இல்வாழ்வை முடித்துக்கொள்வதாகவும், பணத்தின் பலத்தில் பெண்ணின் மதிப்பை மிதிக்கும் ஒருவரிடமிருந்து விடைபெறுவதாகவும் கடிதம் சொன்னது. கணவருக்கே அந்தச் செய்தி நாளிதழ் வழியாகத்தான் தெரிந்தது. கடிதத்தின் வாசகத்தில், ப்யாக்குரெனை அழைத்துச் சென்ற அவரது காதலர் மியாஸாகி ரியூசுக்கேயின் நண்பர்கள் கைவைத்திருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது.

இந்தத் திருமணம் நடந்த விதத்தைப் பார்த்தால் அந்தக் கடிதத்தின் கோபம் புரியும். ப்யாக்குரென் ஒரு பிரபுவின் மகள். தாய் அந்தப் பிரபுவின் மனைவி அல்ல, கெய்ஷா. பதின்ம வயதிலேயே இன்னொரு பிரபுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளை பிறந்தது, மண வாழ்வு முறிந்தது, பிள்ளையை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்தார். 1911-இல் 25 வயதில் இரண்டாவது மணம். மாப்பிள்ளை அவரைவிட 25 வயது மூத்தவர். சுரங்கத்தில் உடலுழைப்பிலிருந்து தொடங்கி மேலே வந்தவர். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. ஒரு பக்கம் பேரும் குலமும், மறுபக்கம் பணம். இரண்டு குடும்பங்களுக்கும் இது பொருத்தமான ஏற்பாடு. பெண்ணுக்கு எது பொருத்தம் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அந்நாளைய ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தில் மணவாழ்வுக்கு வெளியே மனைவி கொள்ளும் உறவு மட்டுமே குற்றம். கணவன் புகார் கொடுத்தால் அவளுக்கு இரண்டாண்டு வரை சிறை. தென்எமோன் புகார் கொடுக்கவில்லை. ஆனால் பிரபுக்கள் பதிவேட்டிலிருந்து ப்யாக்குரெனின் பெயர் நீக்கப்பட்டது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. அதே ஆண்டு குரியாகாவா ஹக்குசொன் என்ற பேராசிரியர் நாளிதழில் ஒரு தொடர் எழுதினார்: காதல் இல்லாத மணம் ஒழுக்கக்கேடு என்பது அதன் சாரம். மறு ஆண்டு நூலாக வந்தபோது அது மிகப் பெரிய விற்பனை கண்டது.

ஆனால் 1921-இல் இப்படிப் பேசிய நாட்டில், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலான திருமணங்களைப் பெரியவர்களே பேசி முடித்தார்கள். காதல் என்ற எண்ணம் வருவதற்கும் காதல் மணம் வழக்கமாவதற்கும் இடையே ஏன் இவ்வளவு இடைவெளி? இந்தக் கேள்விக்கு ஜப்பானைப்போல் தெளிவாகப் பதில் சொல்லும் நாடு குறைவு. மாற்றம் ஒரே தலைமுறைக் காலத்தில் நடந்து முடிந்தது. அரசின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் தம்பதிகளிடம் ‘நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள்?’ என்று விடாமல் கேட்டுப் பதிந்தும் வந்திருக்கிறது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். காதலைக் குறிக்கப் பழைய ஜப்பானிய மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘கோய்’ என்றால் ஏக்கம், ‘இரோ’ என்றால் சிற்றின்பம், ‘ஜோ’ என்றால் பாசப்பிணைப்பு. இந்தச் சொற்கள் புழங்கிய இடம் கவிதையும் நாடகமும் பரத்தையர் தெருவும். 1703-இல் சிக்கமட்சு எழுதிய பொம்மை நாடகமான ‘சொனேஸாக்கி ஷின்ஜு’வில் ஒரு கடை ஊழியனும் ஒரு பரத்தையும் சேர்ந்து வாழ வழியின்றிச் சேர்ந்து சாகிறார்கள். அன்றைய பார்வையாளர்கள் அழுதார்கள். அதே பார்வையாளர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் மகளுக்கு வியாபாரக் கூட்டாளியின் மகனைப் பேசியிருப்பார்கள். அதில் அவர்களுக்கு முரண்பாடு ஏதும் தெரிந்திருக்காது. காதலுக்கும் கல்யாணத்துக்கும் அங்கே தனித்தனி வாசல்.

இரண்டையும் ஒரே வாசலில் கொண்டுவந்தது ‘ரென்ஆய்’ என்ற புதுச் சொல். ஆங்கிலத்தின் ‘லவ்’ என்பதற்கு ஈடாக, 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெண்கள் பத்திரிகை நடத்திய இவாமொட்டோ யோஷிஹாரு போன்ற கிறித்தவக் கல்வியாளர்கள் இந்தச் சொல்லுக்குப் புது மதிப்பைக் கொடுத்தார்கள். உடலாசையிலிருந்து விலகிய, ஆன்மாவோடு ஆன்மா சேரும் அன்பு என்பது அவர்கள் கொடுத்த பொருள். 1892-இல் கவிஞர் கிட்டமுரா தோகொக்கு இந்த அன்பை மனித வாழ்வின் மையத்திலேயே வைத்துக் கட்டுரை எழுதினார். எழுதும் தகுதி அவருக்கு இருந்தது. வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த இஷிஸாக்கா மினாவை 1888-இல் காதலித்து மணந்தவர் அவர்; அப்போது அவருக்கு 19 வயது, மினா அவரைவிட மூத்தவர். ஆனால் காதலைப் புகழும் அதே கட்டுரையில், கல்யாணம் ஆனபின் மனிதன் எப்படிச் சாதாரணமாகிப் போகிறான் என்ற மனக்கசப்பும் இருக்கிறது. 1894-இல், 25 வயதில், தோகொக்கு தற்கொலை செய்துகொண்டார். காதலை வைத்து இல்லறம் நடத்துவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த இளம் தம்பதிக்கு முன்னோடிகள் யாரும் இல்லை. இந்தக் கதையில் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான்.

பெரியவர்கள் பேசி முடிக்கும் மணம் ஜப்பானின் ஆதிப் பழக்கம் என்று நினைத்தால் அது பிழை. குடும்பங்கள் கைகோக்கும் மணம் முதன்மையாக சாமுராய்களின் வழக்கம். அவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அவர்களுக்குத் திருமணம் அரசியல். தலைவரின் அனுமதி இல்லாமல் நடக்காது. உழவர்களும் மீனவர்களும் வாழ்ந்த ஊர்களில் கதை வேறு. பல ஊர்களில், குறிப்பாக மேற்கு ஜப்பானின் கடலோரங்களில், வயது வந்த பையன்களுக்கென்று ஒரு குழு இருந்தது. பெண்கள் கூடி இரவில் கைவேலை செய்யும் ‘மகளிர் விடுதி’ இருந்தது. பையன்கள் அங்கே போவார்கள், பழகுவார்கள். இரவில் பெண்ணின் வீட்டுக்கே போகும் ‘யோபாய்’ என்ற வழக்கமும் உண்டு. யாருக்கு யார் என்பது அந்தப் பழக்கத்தில் தெரிந்துவிடும். பெற்றோர் பின்னால் ஒப்புக்கொள்வார்கள். இதைத் தடையற்ற சுதந்திரம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஊருக்குள்தான் பழகலாம், குழுவின் கட்டுப்பாடு உண்டு, பெண்ணின் விருப்பம் எப்போதும் மதிக்கப்பட்டது என்று சொல்வதற்குமில்லை. ஆனாலும் முகம் தெரியாத ஒருவனுக்குக் கழுத்தை நீட்டும் நிலை அங்கே பொதுவாக இல்லை.

மெய்ஜி அரசு இதை மாற்றியது. 1898-இல் நடப்புக்கு வந்த குடிமையியல் சட்டம் சாமுராய்க் குடும்பத்தின் வடிவத்தை எல்லோருக்கும் சட்டமாக்கியது. ஒவ்வொருவரும் ஒரு ‘இஎ’, அதாவது ஒரு குடும்பத்தின் பதிவேட்டில் இருப்பார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு தலைவர். என்ன வயதானாலும் திருமணத்துக்குக் குடும்பத் தலைவரின் சம்மதம் வேண்டும். மீறினால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. இது போக ஆண் 30 வயதுக்குள்ளும் பெண் 25 வயதுக்குள்ளும் பெற்றோரின் சம்மதமும் வாங்க வேண்டும். அதே ஆண்டுகளில் மணமுறிவு சரிந்தது. 1883-இல் ஆயிரம் பேருக்கு மூன்றுக்கு மேல் இருந்த மணமுறிவு வீதம், 1899-இல் அதில் பாதிகூட இல்லை. ரயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பையன்களின் குழுக்களை அதிகாரிகள் ஒழுக்கக்கேடு என்று அடக்கினார்கள். ஊருக்கு வெளியே சம்பந்தம் தேடும் வழக்கம் பெருகியது. வெளியூர்ச் சம்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். அப்படித்தான் ‘நக்கோடோ’ என்ற தரகர், சாதாரண மக்களின் கல்யாணத்திலும் இன்றியமையாத ஆளாக ஆனார். ‘மரபு’ என்று பிற்காலத்தார் எதிர்த்து நின்ற முறை, நாட்டின் பெரும்பகுதிக்கு அப்போது இரண்டு தலைமுறைப் பழசுதான்.

இந்த முறையை ‘மியாய்’ என்பார்கள். ஒருவரையொருவர் பார்த்தல் என்று பொருள். பெண் பார்க்கும் படலத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது, நுணுக்கங்கள்தான் வேறு. முதலில் நக்கோடோவின் கைக்கு ஒரு புகைப்படம் வரும்: ஸ்டூடியோவில் கிமோனோ உடுத்தி எடுத்தது, கெட்டி அட்டைக்குள் மடித்து வைத்தது. கூடவே ‘ட்சுரிகாக்கி’ என்ற தாள். பெயர், பிறந்த தேதி, படிப்பு, வேலை, பொழுதுபோக்கு. அதன் பிறகு தகப்பன், தாய், உடன்பிறந்தார் ஒவ்வொருவரின் படிப்பும் வேலையும். மணப்பவரைப் பற்றிய வரிகளைவிட அவர் வீட்டைப் பற்றிய வரிகள் கூடுதலாக இருப்பதும் உண்டு. இரண்டு பக்கமும் தாளை மாற்றிக்கொண்டு திருப்தியானால், ஓர் உணவகத்திலோ நாடக அரங்கிலோ சந்திப்பு. பிறகு நக்கோடோ வழியாகப் பதில் போகும். வேண்டாம் என்பதை நேரில் யாரும் சொல்ல வேண்டாம். ஜாதகம் சரியில்லை என்றோ பெண் இன்னும் சிறியவள் என்றோ அவர் பக்குவமாகச் சொல்லிவிடுவார். இரு வீட்டாரின் முகமும் வாடாமல் காப்பது அவர் வேலையில் பாதி.

சம்மதம் என்றால் ‘யுய்னோ’, நிச்சயப் பொருட்கள் அனுப்புதல். காய்ந்த போனிட்டோ மீன், கொம்பு என்னும் கடற்பாசி, வெள்ளைச் சணல் நூல், விசிறி, ஓர் உறையில் பணம். சணல் நூல் தம்பதியின் தலை நரைக்கும்வரை வாழ்வைக் குறிக்கும். விரியும் விசிறி வளரும் வம்சத்தைக் குறிக்கும்.

இந்தச் சடங்கின் அழகுக்குப் பின்னால் இன்னொரு வேலை நடக்கும். ‘கிக்கிஅவாசே’ என்பார்கள்: அக்கம்பக்கத்தில் விசாரித்தல். மளிகைக் கடைக்காரரிடம், பக்கத்து வீட்டில், பழைய பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். வீட்டில் காசநோய் உண்டா, மனநோய் உண்டா, கடன் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குடும்பம் ‘புராக்கு’ வழிவந்ததா? தோல் பதனிடுதல், கால்நடை அறுத்தல் போன்ற தொழில்களால் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர் அது. சட்டப்படி 1871-இலேயே அந்த ஒதுக்கல் ஒழிக்கப்பட்டது. ஆனால் குடும்பப் பதிவேடான கோசெக்கியை எவரும் பார்க்க முடிந்ததால், பூர்வீக ஊரை வைத்தே ஒரு குடும்பத்தை அடையாளம் காண முடிந்தது. 1975-இல் ஒரு கொடுமை அம்பலமானது. புராக்குக் குடியிருப்புகளின் ஊர்ப்பெயர்களைத் திரட்டிய ரகசியப் பட்டியல் நூல்களை நிறுவனங்களும் துப்பறியும் முகமைகளும் வாங்கி வைத்திருந்தன. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் சம்பந்தம் பேசும்போதும் பார்த்துக்கொள்ள. மறு ஆண்டுதான் கோசெக்கியைப் பிறர் பார்ப்பதற்குச் சட்டம் கட்டுப்பாடு போட்டது. குடும்பக் கூட்டணி என்ற முறையின் உண்மையான விலை இங்கே தெரிகிறது. ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு சேர்க்கும் அந்த முறையே, எந்த வீட்டைச் சேர்க்கக் கூடாது என்ற வேலியையும் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்து வந்தது. நம் ஊரிலும் இதை அறியாதவர் யார்?

1945-இல் ஜப்பான் தோற்றது. 1946 பிப்ரவரியில் அமெரிக்க ஆக்கிரமிப்புத் தலைமையகம் ஒரு வாரம் போல் அவகாசத்தில் புதிய அரசமைப்புக்கு வரைவு எழுதியது. பெண்கள் உரிமைப் பகுதி 22 வயதுப் பெண் ஒருவரின் கைக்கு வந்தது: பெயாட்டே சிரோட்டா. வியன்னாவில் பிறந்தவர், தந்தை பியானோ கலைஞர், ஐந்து வயதிலிருந்து பத்தாண்டு தோக்கியோவில் வளர்ந்தவர். மாப்பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே மணந்த பெண்களைப் பற்றிச் சிறுவயதில் கேள்விப்பட்டதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு நூலகம் நூலகமாகப் போய்ப் பல நாடுகளின் அரசமைப்புகளைச் சேகரித்து வந்தார். மார்ச் மாதம் ஜப்பானிய அதிகாரிகளோடு இரவு முழுக்க நடந்த பேச்சில், இந்தப் பிரிவு ஜப்பானிய வழக்கத்துக்குப் பொருந்தாது என்று எதிர்ப்பு வந்தது. ஆனாலும் 24-ஆம் பிரிவு நிலைத்தது: ஆண், பெண் இருவரின் சம்மதம் ஒன்றே திருமணத்துக்கு அடிப்படை. 1947 மே 3 முதல் அது நாட்டின் அடிப்படைச் சட்டம். 1948 தொடக்கத்தில் திருத்திய குடிமையியல் சட்டம் வந்து, குடும்பத் தலைவர் என்ற பதவியே ஒழிந்தது.

சட்டம் கதவைத் திறந்தது. உடனே யாரும் ஓடிவரவில்லை. 1930-களில் நடந்த மணங்களில் 69 விழுக்காடு மியாய், 13 விழுக்காடு ரென்ஆய். புதிய சட்டத்துக்குப் பின், 1950-களின் முற்பாதியில்கூட மியாய்தான் பாதிக்கு மேல். 1960-களின் பிற்பாதியில்தான் இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொண்டன. அதன் பின் வேகம் கூடியது. 1970-களின் இறுதியில் மூன்றில் இரண்டு மணங்கள் காதல் மணங்கள். 1980-களின் இறுதியில் ஐந்தில் நான்கு.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். இவை தம்பதிகள் தாங்களே சொன்ன பதில்கள். மியாயில் சந்தித்து ஓராண்டு பழகி விரும்பி மணந்தவர் எந்தப் பக்கம்? அத்தை அறிமுகம் செய்துவைத்த பையனை மணந்தவர் எந்தப் பக்கம்? போருக்குப் பிந்தைய மியாய் பழைய மியாய் அல்ல. சந்திப்புக்குப் பின் சேர்ந்து சினிமாவுக்குப் போகலாம். ஐந்தாறு பேரைப் பார்த்துவிட்டு எல்லோரையும் மறுக்கலாம். தீர்ப்பு வீட்டிலிருந்து மெல்ல மணப்பவரின் கைக்கு நகர்ந்தது. ‘காதல் மணம்’ என்று சொல்லிக்கொள்வது மதிப்பாக ஆனதும், நடுவில் இருந்தவர்கள் பலர் அந்தப் பக்கம் பெயர் கொடுத்திருப்பார்கள்.

அந்த மதிப்பு எப்படி வந்தது என்பதற்கு அரண்மனையே சாட்சி. 1957 ஆகஸ்டில் கருயிசாவா மலை வாசத்தலத்தில் ஒரு டென்னிஸ் போட்டி. பட்டத்து இளவரசர் அக்கிஹிட்டோவின் ஜோடியை, ஓர் அமெரிக்கச் சிறுவனோடு சேர்ந்து ஆடிய ஷோடா மிச்சிக்கோ தோற்கடித்தார். மாவு ஆலை நிறுவனத் தலைவரின் மகள். பிரபு வம்சம் அல்ல. 1958 நவம்பர் 27 அன்று நிச்சயம் அறிவிக்கப்பட்டது. பேரரசியும் பிரபுக் குலப் பெண்கள் பலரும் மனம் புழுங்கினார்கள். இளவரசர் காதல் மணமா செய்கிறார் என்று நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. அப்படி அல்ல, முறைப்படி பரிந்துரைத்துத் தேர்ந்தது என்று அரண்மனைத் துறைத் தலைவர் பதில் சொன்னார். மக்கள் அந்தப் பதிலைக் காதில் வாங்கவில்லை. பத்திரிகைகள் ‘டென்னிஸ் மைதானக் காதல்’ என்று எழுதித் தள்ளின. 1959 ஏப்ரல் 10 அன்று நடந்த ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகவே வீடுகள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கின. ஓராண்டுக்கு முன் பத்து லட்சமாக இருந்த தொலைக்காட்சி உரிமங்கள் அதற்குள் இருபது லட்சம் ஆகியிருந்தன. இளவரசரே விரும்பியவரை மணக்கிறார் என்றால் தகப்பன்மார் வாயை எப்படித் திறப்பது?

ஆனால் முன்மாதிரி மட்டும் போதாது. ஆணும் பெண்ணும் சந்திக்க இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுத்தது அலுவலகம்.

1950-களின் நடுவிலிருந்து ஜப்பான் வேகமாக வளர்ந்தது. நாட்டுப்புறப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் கூட்டங்கூட்டமாகச் சிறப்பு ரயில் ஏறி நகரத்துக்கு வேலைக்கு வந்தார்கள். மகனின் பிழைப்பு தகப்பனின் நிலத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாறியது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மகனுக்கு ஊரிலிருந்து பெண் தேடுவது கடினம். ‘என் சொல்லைக் கேட்காவிட்டால் நிலம் இல்லை’ என்ற மிரட்டலுக்கும் வலு போய்விட்டது. 1955-இல் தொடங்கிய அரசு வீட்டுவசதிக் கழகம் இரண்டு அறையும் சாப்பாட்டு இடத்தோடு கூடிய சமையலறையும் கொண்ட அடுக்ககங்களைக் கட்டியது. மாமனார் மாமியாருக்கு அதில் இடமில்லை; தம்பதிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம்.

நிறுவனங்களோ, மேல்நிலைப்பள்ளி முடித்த பெண்களை அலுவலக உதவிக்குச் சேர்த்தன. பெற்றோர் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்கு முன்னுரிமை. நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேள்வி. இவள் நம் ஊழியர்களுக்கு மனைவியாக வரக்கூடியவள் என்ற எண்ணம் மறைவாகவும் சில இடங்களில் வெளிப்படையாகவும் இருந்தது. பையன்கள் காலையிலிருந்து இரவு வரை அலுவலகத்திலேயே கிடந்தார்கள். வேறு எங்கே பெண்ணைப் பார்ப்பது? நிறுவனச் சுற்றுலா, விளையாட்டு நாள், பாட்டுக் குழு. அங்கே மலர்ந்தவைதான் புள்ளிவிவரத்தில் ‘காதல் மணம்’ ஆகப் பதிவாயின. கல்யாண மேடையில் நக்கோடோ இருக்கையில் யார்? பெரும்பாலும் மாப்பிள்ளையின் மேலதிகாரியும் அவர் மனைவியும். ‘கேட்டுக்கொண்டதால் வந்த நக்கோடோ’ என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. பெற்றோர் செய்த வடிகட்டலை நிறுவனம் செய்தது. படிப்பு, குணம், குடும்பம், சம்பளம் எல்லாம் சேர்க்கும்போதே பார்த்தாயிற்று. எஞ்சியிருந்தவர்களுக்குள் இளைஞர்கள் தாங்களாகவே தேர்ந்துகொண்டார்கள்.

மணம் முடிந்ததும் பெண் வேலையை விட்டுப் போக வேண்டும் என்பது எழுதாத விதி. சில நிறுவனங்களில் எழுதிய விதி. சுமிட்டோமோ சிமெண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பெண் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1966 டிசம்பரில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. காதலித்து மணந்த பெண்ணும், பேசி மணந்த பெண்ணும் மறுநாள் காலையில் ஒரே அடுப்படியில்தான் நின்றார்கள் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது.

அதே 1966-இல் இன்னொன்றும் நடந்தது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் ‘ஹினோஎ-உமா’, நெருப்புக் குதிரை ஆண்டு அது. அந்த ஆண்டில் பிறந்த பெண் கணவனை விழுங்கிவிடுவாள் என்பது பழைய நம்பிக்கை. மூல நட்சத்திரத்துப் பெண்ணைப் பார்த்து நம் ஊரில் மாமனார் வீடு பயப்படுவதைப் போல. முந்தைய ஆண்டு 18 லட்சத்துக்கு மேல் பிறந்த குழந்தைகள், 1966-இல் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தன. அடுத்த ஆண்டே மீண்டும் உயர்ந்தன. தம்பதிகள் தங்கள் மகள் இருபது ஆண்டு கழித்து ஒரு நக்கோடோவின் முன்னால் நிற்பாள், யாரோ ஒரு மாமியார் பிறந்த ஆண்டைக் கேட்பாள் என்று கணக்குப் போட்டார்கள். காதல் மணம் எண்ணிக்கையில் முந்திய அதே ஐந்தாண்டில்தான் இது. தாங்களே காதலித்து மணந்தவர்கள்கூட மகளின் கல்யாணத்தைக் குடும்பக் கூட்டணியாகவே கற்பனை செய்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் வளர்ந்து மணவயதுக்கு வந்தபோது ஐந்தில் நான்கு மணங்கள் காதல் மணங்கள். நக்கோடோ முன்னால் நிற்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வரவே இல்லை.

1970-களுக்குப் பின் கதை திரும்புகிறது. மியாய் குறைந்துகொண்டே வந்தது. 1990-களின் இறுதியில் நூற்றில் எட்டுக்கும் கீழ். காதல் மணங்கள் அந்த இடத்தை நிரப்பியதாக விழுக்காடு காட்டும். ஆனால் விழுக்காடு என்பது நடந்த மணங்களின் கணக்கு. நடக்காத மணங்கள் அதில் வராது. 1970-இல் 50 வயது வரை மணமே ஆகாத ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2020-இல் 28 பேர். பெண்களில் ஏறத்தாழ 18 பேர். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இவசாவா மிஹோவும் மிட்டா ஃபுசாமியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கூறுபோட்டுப் பார்த்தார்கள். 1970-களுக்குப் பின் முதல்மண வீதத்தில் ஏற்பட்ட சரிவில் பாதியளவு, மியாய் மணங்கள் குறைந்ததால் வந்தது. இன்னொரு பெரிய பங்கு, நாற்பது விழுக்காட்டுக்கு அருகே, அலுவலகத்தில் சந்தித்து மணப்பது குறைந்ததால் வந்தது. 1990-களில் பொருளாதாரம் சுருங்கியபோது நிறுவனங்கள் நிரந்தர வேலைகளைக் குறைத்தன; தற்காலிகமாக ஆள் எடுத்தன; சுற்றுலாவும் பாட்டுக் குழுவும் போயின. மேலதிகாரி ஊழியரின் காதலைப் பற்றிக் கேட்பதே தவறு என்றும் ஆயிற்று, அது சரியும்கூட. இளைஞர்கள் காதலை வெறுத்துவிட்டார்கள் என்று இதைப் படிக்க முடியவில்லை. முதலில் தரகர் போனார், பிறகு தரகராக இருந்த அலுவலகமும் போனது. சுயமாகத் தேட வல்லவர்கள் தேடிக்கொண்டார்கள். கூச்சமுள்ளவர்களும் நிலையான சம்பளம் இல்லாதவர்களும் தனியே நின்றுவிட்டார்கள்.

2007-இல் சமூகவியலாளர் யமாடா மசஹிரோவும் எழுத்தாளர் ஷிரக்கவா தோக்கோவும் ‘கொன்கட்சு’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள்: வேலை தேடுவதுபோல் மணத்தையும் முயன்று தேடுதல். சில நகரங்களில் பெற்றோரே மண்டபத்தில் கூடி, வராத தங்கள் பிள்ளைகளின் விவரத்தாள்களை ஒருவருக்கொருவர் கொடுத்துப் பேசுகிறார்கள். 2021-இல் எடுத்த அரசு கணக்கெடுப்பில், அண்மையில் மணந்தவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இணையத்தில் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில் மியாய், மணமக்களைச் சேர்க்கும் நிலையங்கள் உட்பட, பத்து விழுக்காட்டை நெருங்கியது. அரை நூற்றாண்டாக இறங்கிய கோடு மெல்ல மேலே திரும்பியிருக்கிறது.

2024 செப்டம்பரில் தோக்கியோ மாநகர அரசே ஒரு செயலியைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்குக் கட்டணம் 11 ஆயிரம் யென். அதில் சேர விரும்புபவர் முதலில் ஒரு நேர்காணலுக்கு வர வேண்டும். வருமானத்துக்குச் சான்று தர வேண்டும். உயரம், படிப்பு, தொழில் உள்ளிட்ட விவரங்களை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். தான் மணமாகாதவர் என்பதற்கு, கோசெக்கிப் பதிவேட்டிலிருந்து எடுத்த சான்றிதழையும் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் நக்கோடோவின் கைக்குப் போன தாள்களில் பெரும்பாலானவை இப்போது மாநகர அரசின் கைக்குப் போகின்றன. தகப்பனின் வேலையும் உடன்பிறந்தாரின் படிப்பும் எழுதிய அந்தப் பாதி மட்டும் அதில் இல்லை.